எத்தனையிலிருந்து எத்தனைக்கு? ஓர் ஒப்படையும் எமது கடைக் கணக்கும்

மாத்தளை திருகோணமலை வீதியில் வாசனைச் சரக்கு வியாபாரம் செய்யும் எனக்கு, சந்தைப்படுத்தல் என்பது கடைக்கு முன்னால் பலகை போடுவதும், பெருநாள் காலத்தில் விலையைக் குறைப்பதும்தான். கடந்த ஆண்டு என் தங்கையின் மகன் ஒரு கட்டுக் காகிதத்தோடு கடைக்கு வரும் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் வணிக முகாமைத்துவ டிப்ளோமா படிக்கிறார். ஏதாவதொரு சிறு வியாபாரத்துக்குச் சந்தைப்படுத்தல் திட்டம் ஒன்று தயாரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குக் கிடைத்த ஒப்படை. எமது கடையைத்தான் தெரிவு செய்திருந்தார்.

"மாமா, விரிவுரையாளர் திருப்பி அனுப்பிவிட்டார்" என்றார். முப்பது பக்கங்கள். கடையின் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் எல்லாம் கட்டம் போட்டு அழகாக எழுதப்பட்டிருந்தன. நோக்கம் என்ற தலைப்பின் கீழ் "வாடிக்கையாளர் விழிப்புணர்வை அதிகரித்தல், விற்பனையைப் பெருக்குதல்" என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையினால் மூன்று கேள்விகள்: யாரிடம்? எத்தனையிலிருந்து எத்தனைக்கு? எப்போதைக்குள்?

வியாபாரச் சகோதரர்களே, அந்த மூன்று கேள்விகளுக்கும் அந்தப் பிள்ளையிடம் மட்டுமல்ல, இருபத்தைந்து வருடங்களாகக் கல்லாவில் இருக்கும் என்னிடமும் பதில் இருக்கவில்லை. அந்தப் பதிலைத் தேடிய கதையைத்தான் இவ்வாரம் எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு ஒப்படை செய்ய உதவும் பெற்றோருக்கும், விளம்பரத்துக்குப் பணம் செலவிட எண்ணியிருக்கும் வியாபாரிகளுக்கும் இது பயன்படும்.

வயதைக் கொண்டு பிரிப்பதா?

முதல் பிரதியில் எமது வாடிக்கையாளர்களை அவர் வயது, பால், வருமானம் என்று பிரித்திருந்தார். 18 முதல் 35 வரை ஒரு பிரிவு, 36 முதல் 55 வரை இன்னொரு பிரிவு. பாடநூலில் இதனைச் சந்தைத் துண்டமாக்கல் என்பார்கள். ஆனால் முப்பது வயதுப் பெண்ணும் ஐம்பது வயதுப் பெண்ணும் எம்மிடம் வந்து வாங்குவது அதே கால் கிலோ மல்லித்தூள்தான். இரண்டு பிரிவினருக்கும் ஒரே சாமானை, ஒரே விதமாக, ஒரே விலையில் கொடுக்கப் போகிறோம் என்றால் அவை இரண்டு பிரிவுகள் அல்ல, ஒன்றுதான்.

எனவே வேறு விதமாகப் பிரிக்க முடிவு செய்தோம். எதற்காக வாங்குகிறார்கள் என்பதைக் கொண்டு பிரித்தோம். ஒரு கொப்பியில் நான்கு கோடுகள் இழுத்து, 14 நாட்களுக்கு ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் அதற்குரிய இடத்தில் பதிந்தோம். முதலாவது, வீட்டுச் சமையலுக்கு வாங்குபவர்கள். இரண்டாவது, ஹோட்டல்காரர்களும் விருந்துச் சமையல்காரர்களும். மூன்றாவது, அளுவிகாரை, தம்புள்ளை, சீகிரியா பக்கம் போகும் வழியில் பஸ்ஸை நிறுத்தி வாங்கும் உள்நாட்டுப் பயணிகள். நான்காவது, வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கோ கணவனுக்கோ அனுப்புவதற்காக அல்லது கையோடு கொண்டு போவதற்காக வாங்குபவர்கள். யார் எந்த வகை என்று அறிவது கடினமல்ல. கட்டும்போது "வீட்டுக்கா, பயணத்துக்கா?" என்று கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பதினான்கு நாட்களின் முடிவில் கூட்டிப் பார்த்தோம். கணக்கு எளிதாக இருக்க, எண்களை முழுமையாக்கித் தருகிறேன். வீட்டுக்காரரின் பற்றுச்சீட்டுகள் 400, விற்பனை 180,000 ரூபா. ஹோட்டல்காரரின் பற்றுச்சீட்டுகள் 40 மட்டுமே, ஆனால் விற்பனை அதே 180,000 ரூபா. பயணிகள் 60 பேர், 60,000 ரூபா. வெளிநாட்டுப் பொதிக்காக வாங்கியவர்கள் 30 பேர், 120,000 ரூபா.

இதுவரை பார்த்தால் ஹோட்டல்காரரே பெரிய வாடிக்கையாளர். ஆனால் சரக்கின் கொள்விலை, அரைக்கும் கூலி, பை ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தபோது கதை மாறியது. ஹோட்டலுக்குக் கொடுப்பதில் எமக்கு 10 வீதம்தான் மிஞ்சுகிறது, அதாவது 18,000 ரூபா. அதுவும் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் செல்லும். வீட்டுக்காரரிடம் 20 வீதம், 36,000 ரூபா. பயணிகளிடம் 25 வீதம், 15,000 ரூபா. வெளிநாட்டுப் பொதியில் முழு ஏலம், கறுவா, கராம்பு, வறுத்தரைத்த தூள் என்று விலைகூடிய சாமான்களே அதிகம். அங்கே 30 வீதம், 36,000 ரூபா.

நானூறு பேர் தந்த இலாபத்தை முப்பது பேர் தந்திருக்கிறார்கள். ஒரு வீட்டுப் பற்றுச்சீட்டில் எமக்கு 90 ரூபா. ஒரு வெளிநாட்டுப் பற்றுச்சீட்டில் 1,200 ரூபா. இத்தனை வருடங்கள் இந்த முப்பது பேரையும் "தூர இடத்துக்குப் போகிறது, இறுக்கிக் கட்டு" என்பதோடு அனுப்பி வைத்திருக்கிறேன்.

இலாபம் கூடுதல் என்பது மட்டும் ஒரு பிரிவைத் தெரிவு செய்யப் போதாது. அவர்களை எம்மால் சென்றடைய முடிய வேண்டும். உதாரணமாக, வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் இதைவிட அதிகமாகச் செலவிடுவார்கள்தான். ஆனால் கண்டி வீதியிலும் தம்புள்ளை வீதியிலும் உள்ள வாசனைத் தோட்டங்களுக்கு அவர்களை அழைத்துச் செல்வோருக்குத் தரகு கொடுக்க வேண்டும், வாகனம் நிறுத்த இடமும் வேண்டும். எமக்கு இரண்டுமே இல்லை. வெளிநாட்டுக்குப் பொதி அனுப்புபவரோ இதே நகரத்தில்தான் விமானச் சீட்டு எடுக்கிறார், இதே நகரத்திலுள்ள கார்கோ கடையில்தான் பெட்டி கட்டுகிறார். அவர் எங்கே நிற்பார் என்பது எமக்குத் தெரியும். அதனால் திட்டத்தின் இலக்குச் சந்தையாக அவரையே எடுத்தோம். மற்றவர்களுக்கு விற்பதை நிறுத்தவில்லை. விளம்பரப் பணத்தை மட்டும் ஒரே இடத்தில் போடத் தீர்மானித்தோம்.

எல்லோரும் சொல்லக்கூடியதை நாமும் சொல்வதா?

அடுத்தது நிலைப்படுத்தல். வாடிக்கையாளரின் மனதில் எமது கடைக்கு எந்த இடம் என்பதே இதன் பொருள். முதல் பிரதியில் மருமகன் எழுதியிருந்தது: "மாத்தளையின் தரமான, தூய்மையான, மலிவான வாசனைச் சரக்கு." நான் கடை வாசலில் நின்று வீதியின் இரு பக்கமும் பார்க்கச் சொன்னேன். "மகன், இந்த வீதியில் இதைச் சொல்ல முடியாத கடை ஒன்று காட்டுங்கள்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

மாத்தளை என்ற பெயருக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமே இங்கேதான் இருக்கிறது. ஆனால் மாத்தளைக்குள் நின்று "மாத்தளை மிளகு" என்பது, கடற்கரையில் நின்று உப்புத் தண்ணீர் விற்பது போன்றது. டில்மா தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். மெரில் ஜே. பெர்னாண்டோ 1980களில் அவுஸ்திரேலியாவில் அதை அறிமுகப்படுத்தியபோது, தூய இலங்கைத் தேயிலை, விளைந்த நாட்டிலேயே பொதி செய்தது என்று சொன்னார். பல நாட்டுத் தேயிலைகளைக் கலந்து விற்ற பெரிய கம்பனிகளுக்கு நடுவே அந்தச் சொல் தனித்து நின்றது. அதே சொல்லை நுவரெலியாவில் ஒரு கடையில் எழுதி வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எனவே நிலைப்படுத்தல் எழுதும்போது, எவரோடு ஒப்பிட்டு எம்மை வேறுபடுத்துகிறோம் என்பதை முதலில் எழுத வேண்டும்.

எமது இலக்கு வாடிக்கையாளருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று சுப்பர் மார்க்கட் பக்கற். அது நன்றாக ஒட்டப்பட்டிருக்கும், ஆனால் அதில் வீட்டுத் தூளின் வாசம் இல்லை. மற்றது எம்மைப் போன்ற நிறுத்து விற்கும் கடை. வாசம் உண்டு, ஆனால் சாதாரணப் பையில் முடிச்சுப் போட்டுத் தருவோம்.

பன்னிரண்டு வாடிக்கையாளர்களிடம் மருமகன் ஒரே கேள்வியைக் கேட்டார்: "சென்ற முறை அனுப்பியபோது என்ன பிரச்சினை வந்தது?" விலை கூடியது என்று சொன்னவர்கள் இருவர் மட்டுமே. மற்றவர்கள் சொன்னது, பை வெடித்து உடுப்பெல்லாம் மஞ்சளானது, பெட்டி முழுவதும் வாசம் பிடித்தது, என்ன தூள் என்று எழுதாததால் விமான நிலையத்தில் பிரித்துப் பார்த்தார்கள் என்பவைதான். பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டு உம்மா ஒருவர், தான் கட்டிய தூளை மகன் அங்கே குப்பையில் போட நேர்ந்ததைச் சொல்லிக் கண் கலங்கினார்.

அதன்பின் நாம் எழுதிய வாசகம் இது: "வெளிநாட்டிலுள்ள தம் பிள்ளைக்கு ஊர்ச் சாமான் அனுப்பும் மாத்தளைக் குடும்பங்களுக்கு, வீட்டு முறையில் வறுத்தரைத்த தூளை, பெட்டியில் வெடிக்காதபடி இரட்டைப் பையில் ஒட்டி, பெயரும் நிறையும் திகதியும் அச்சிட்டுத் தரும் கடை." நீளம்தான். இது விளம்பரத்தில் போடுவதற்கல்ல, நாம் என்ன செய்ய வேண்டும் என்று எமக்கே சொல்வதற்கு. இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் கடையில் ஒரு வேலை உண்டு. இரட்டைப் பை என்றால் ஒட்டும் இயந்திரம் வேண்டும். அச்சு என்றால் லேபல் வேண்டும். செய்ய முடியாத சொல்லை எழுதக்கூடாது.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. ஐக்கிய அரபு இராச்சியம், சவூதி அரேபியா போன்ற நாடுகளுக்குக் கசகசா கொண்டு செல்வது தடை. அபின் செடியின் விதை என்பதே காரணம். நாம் பலூடாவுக்குப் போடும் கசகசா வேறு, அது துளசி இனத்தின் விதை. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் அங்கே நிற்பவருக்கு அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. எனவே வெளிநாட்டுப் பொதியில் இரண்டையுமே சேர்ப்பதில்லை, மசாலாத் தூளிலும் கலப்பதில்லை என்று திட்டத்திலேயே எழுதினோம். பாதுகாப்பாகப் போய்ச் சேரும் என்று பெயர் எடுக்க விரும்பும் கடை, ஒரு பிள்ளையைச் சிறைக்கு அனுப்பிவிடக்கூடாது.

இலக்கை எப்படி எண்ணில் எழுதுவது?

இனி அந்தச் சிவப்பு மைக் கேள்வி. ரசல் கோலி என்ற அமெரிக்கர் 1961இலேயே விளம்பர இலக்குகள் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். அளவிடக்கூடிய இலக்கு என்றால் யாரிடம், என்ன மாற்றம், எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு, எவ்வளவு காலத்தில் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பெரும்பாலான ஒப்படைகளில் விடுபடுவது "எந்த அளவிலிருந்து" என்பதுதான். ஆரம்ப எண் இல்லாமல் "20 வீதம் அதிகரிப்போம்" என்று எழுதினால், எதன் 20 வீதம் என்று எவருக்கும் தெரியாது. எமக்கு அந்த எண் கொப்பியில் இருந்தது: இரண்டு வாரத்துக்கு 30.

எத்தனைக்கு உயர்த்துவது? ஆசைப்பட்ட எண்ணை எழுதாமல், கார்கோ கடையில் விசாரித்தோம். இரண்டு வாரத்தில் உணவுச் சாமான் வைத்த பெட்டிகள் ஏறத்தாழ 40 போகின்றன என்றார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கினர் எம்மிடம் வந்தால் 13 பேர். விமானச் சீட்டு எடுப்பவர்களில் இருவரைச் சேர்த்து 15 என்று வைத்தோம். ஆக இலக்கு: "எட்டு வாரங்களில் வெளிநாட்டுப் பொதிப் பற்றுச்சீட்டுகளை 120இலிருந்து 180ஆக உயர்த்துதல்." நோன்பும் டிசம்பர் விடுமுறையும் இல்லாத எட்டு வாரங்களைத் தெரிவு செய்தோம். இல்லாவிட்டால் பருவம் தந்த விற்பனையை விளம்பரம் தந்தது என்று நம்பி ஏமாறுவோம்.

பின்னர் செலவு. முதல் பிரதியில் வானொலி விளம்பரத்துக்கும் பெரிய பலகைக்கும் 85,000 ரூபா போட்டிருந்தார். அதைக் கணக்குப் பார்த்தோம். ஒரு பற்றுச்சீட்டில் இலாபம் 1,200 ரூபா, புதிய பொதிக்கு மேலதிகச் செலவு 100 ரூபா. எனவே புதிதாக வரும் ஒவ்வொன்றிலும் மிஞ்சுவது 1,100 ரூபா. வழமையாக வரும் 120 பேருக்கும் அதே பொதிதான் கொடுக்க வேண்டும் என்பதால் அதற்கு 12,000 ரூபா. ஆக 97,000 ரூபாவை மீட்க வேண்டும். அதற்கு மேலதிகமாக 89 பற்றுச்சீட்டுகள் தேவை. எமது இலக்கே 60தான். இலக்கை அடைந்தாலும் நட்டம்! இந்த ஒரு கணக்கைப் போடாமல்தான் எம்மில் பலர் வானொலிக்கும் பலகைக்கும் பணம் கொடுக்கிறோம்.

எனவே செலவை 33,000 ரூபாவாகக் குறைத்தோம். ஒட்டும் இயந்திரத்துக்கு 12,000, லேபலுக்கு 9,000, தமிழிலும் சிங்களத்திலும் துண்டுப்பிரசுரத்துக்கு 8,000, கார்கோ கடையிலும் விமானச் சீட்டுக் கடையிலும் வைக்கும் மாதிரிப் பொதிகளுக்கு 4,000. பொதிச் செலவோடு சேர்த்து 45,000 ரூபா. அதை மீட்க 41 மேலதிகப் பற்றுச்சீட்டுகள் போதும். ஒப்படையின் கடைசிப் பக்கத்தில் இரண்டு எண்களையும் எழுதினோம்: 60 வந்தால் வெற்றி, 41க்குக் குறைந்தால் நிறுத்திவிட வேண்டும்.

யார் எங்கிருந்து வந்தார் என்பதை அறிய, கார்கோ கடையில் வைத்த பிரசுரத்துக்குப் பச்சை மூலையும், விமானச் சீட்டுக் கடையில் வைத்ததற்கு மஞ்சள் மூலையும் அச்சிட்டோம். பிரசுரத்தைக் கொண்டு வருபவருக்கு லேபலில் பிள்ளையின் பெயரையும் எழுதித் தருவதாகச் சொன்னோம். கல்லாவில் இருப்பவர் கேட்க மறந்தாலும் காகிதம் சாட்சி சொல்லும்.

நடந்தது என்ன?

ஒப்படைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. ஆனால் எனக்குப் பரீட்சை அதன்பின்தான். திட்டத்தை அப்படியே நடத்திப் பார்த்தோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்ணியபோது 33, 38, 47, 44 என்று வந்தது. மொத்தம் 162. அதாவது 42 கூடுதல். 60 என்ற இலக்கு தவறிவிட்டது. நட்டத்தின் எல்லையான 41ஐ ஒன்றினால் தாண்டினோம். செலவு போகக் கையில் மிஞ்சியது 1,200 ரூபா மட்டுமே. ஒட்டும் இயந்திரம் கடையில் நிற்கிறது என்பது வேறு.

அந்த எட்டு வாரத்தில் வீட்டுக்காரர், பயணிகள் எண்ணிக்கை முன்பு போலவே இருந்தது. ஊரில் பொதுவாகவே வியாபாரம் கூடியிருந்தால் அவையும் ஏறியிருக்கும். ஆகவே இந்த 42 திட்டத்தினால் வந்தது என்று ஓரளவு நம்பலாம்.

இலக்கு ஏன் தவறியது என்பதைக் காகித மூலைகள் சொல்லின. முதன்முறையாக வந்தவர்கள் 46 பேர். பச்சை 27, மஞ்சள் 8, உறவினர் சொல்லி வந்தவர் 11. கார்கோ கடைப் பெட்டிகளில் மூன்றில் ஒரு பங்கு என்று நினைத்தோம், கிடைத்தது ஆறில் ஒரு பங்கு. காரணத்தை விசாரித்தோம். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்த பின்னர்தான் பலர் பிரசுரத்தைக் கண்டிருக்கிறார்கள். விமானச் சீட்டு எடுப்பவரோ பயணத்துக்கு ஒரு மாதம் முன்னரே வந்துவிடுகிறார். தூள் வாங்குவது கடைசி மூன்று நாளில். அதற்குள் மஞ்சள் காகிதம் தொலைந்துவிடுகிறது.

அடுத்த முறைக்கான திருத்தமும் அதிலேயே இருந்தது. வெறும் பெட்டியை வாங்க வருபவரிடமே பிரசுரத்தைக் கொடுக்கக் கார்கோ கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டோம். விமானச் சீட்டுக் கடைக்குப் பிரசுரம் வைப்பதை நிறுத்தினோம். புதிய ஆரம்ப எண் 30 அல்ல, 44. "விழிப்புணர்வை அதிகரித்தல்" என்று மட்டும் எழுதியிருந்தால், 162ஐப் பார்த்து மகிழ்ந்து அதே பிரசுரத்தை அதே இடத்தில் மீண்டும் வைத்திருப்போம்.

இப்போது மருமகனின் நண்பர்களும் தம் திட்டங்களைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நான் முதலில் கடையின் பெயரைக் கையால் மறைத்துவிட்டு வாசிக்கிறேன். வேறெந்தக் கடைக்கும் அது பொருந்துமானால் திருப்பிக் கொடுத்து, ஒரு கொப்பியோடு பதினான்கு நாட்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் போய் உட்காரச் சொல்கிறேன்.